கையை விட்டதும் அட்டை எப்படி நிற்க வேண்டும்? நான்கு ஸ்பிரிங் அமைப்புகளின் ஒப்பீடு

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பலகாரக் கடை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஆர்டர்களைக் கவனிக்க அவர்களுக்கு ஒரு சின்ன திரைப் பலகை செய்து கொடுத்தேன். டேப்லட்டில் இரண்டு வரிசைகள். இடப்பக்கம் பொட்டலம் கட்ட வேண்டியவை, வலப்பக்கம் தயாரானவை. ஒவ்வொரு ஆர்டரும் ஓர் அட்டை. முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை எல்லாம் கட்டி முடித்ததும் அட்டையை விரலால் வலப்பக்கம் தள்ள வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் அட்டைக்கு அடியிலிருந்து சிவப்புப் பட்டை ஒன்று தெரியும். அதில் 'ரத்து' என்று எழுதியிருக்கும்.

முதல் நாளே பொட்டலம் கட்டும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதை நான் அனுப்பினேனா, ரத்து பண்ணிட்டேனா?"

பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் ஓர் அட்டையை வலப்பக்கம் கொஞ்சம் இழுத்தார். உருண்டை இன்னும் வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததும், அதே விரலால் அட்டையைச் சட்டென்று இடப்பக்கம் வீசிவிட்டார். அட்டை தன் இடத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி இடப்பக்கம் பாய்ந்தது, சிவப்புப் பட்டை பளிச்சென்று தெரிந்தது, பிறகுதான் ஆடிக்கொண்டே திரும்பி வந்தது. எதுவும் ரத்தாகவில்லை. ஆனால் அவருடைய கை அந்தரத்திலேயே நின்றது. அட்டை ஆடி ஓயும்வரை அவர் அடுத்த பொட்டலத்தைத் தொடவில்லை.

அட்டையைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங்குக்கு எந்த எண்களைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. நான் நான்கு அமைப்புகளை வைத்துப் பார்த்தேன். அவற்றைக் கணக்குடனும், திரையில் என்ன தெரிந்தது என்பதுடனும் சொல்கிறேன்.

எண்கள் என்ன செய்கின்றன

சுருள்வில் இழுப்பது போலக் கணக்கிட்டு அட்டையை நகர்த்துவதுதான் ஸ்பிரிங் அசைவு. அதில் மூன்று எண்கள் உண்டு. `stiffness` என்பது விறைப்பு. அட்டை தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு பலமாக அதை இழுக்கும். `damping` என்பது தணிப்பு. அட்டை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு பலமாக அதற்கு எதிராக நிற்கும். மூன்றாவது `mass`, நிறை. அதை 1 என்றே விட்டுவிடுங்கள். விறைப்பையும் தணிப்பையும் நிறையால் வகுத்து வருவதுதான் அசைவைத் தீர்மானிக்கிறது. ஆகையால் நிறையை மாற்றினால் மற்ற இரண்டையும் மறைமுகமாகக் கலைத்துவிடுகிறோம், புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

அந்தக் கடையிலேயே இரண்டு கதவுகள் இருந்தன. சமையலறைக்குப் போவது இருபக்கமும் ஆடும் கதவு. தட்டோடு ஒருவர் நுழைந்து போன பிறகும் அது நாலைந்து தடவை ஆடித்தான் நிற்கும். வாசலில் இருப்பது கண்ணாடிக் கதவு. அதன் மேலே ஸ்பிரிங்கும் எண்ணெயும் அடைத்த ஒரு பெட்டி உண்டு. எண்ணெய் போகும் வழியை ஒரு திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம். சரியாகத் திருகினால் கதவு வந்து இடத்தில் உட்காரும். அளவுக்கு மீறி இறுக்கினால் கடைசிச் சாண் தூரம் மூடவே மூடாது, குளிர்சாதனக் காற்றெல்லாம் தெருவுக்குப் போகும். நம் அட்டைக்கும் இந்த மூன்று நிலைகள்தான்.

எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை ஒரே எண் சொல்லிவிடும். அதுதான் தணிப்பு விகிதம்:

```
zeta = damping / (2 * sqrt(stiffness * mass))
```

இது 1-க்குக் கீழே இருந்தால் ஆடும் கதவு. சரியாக 1 என்றால், ஆடாமல் எவ்வளவு சீக்கிரம் வர முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வரும் கதவு. 1-க்கு மேலே போனால் மூட மறுக்கும் கதவு.

முதல் அமைப்பு: 100, 10

அக்காவைக் குழப்பியது இதுதான். விறைப்பு 100, தணிப்பு 10. நானாக யோசித்து வைத்த எண்கள் அல்ல. Reanimated நூலகத்தின் முந்தைய பதிப்புகளில் `withSpring` இந்த எண்களோடுதான் வந்தது. வேறு இடங்களிலும் கண்ணில் பட்டுப் பழகிப்போனவை. அப்படியே எழுதிவிட்டேன்.

விகிதத்தைக் கணக்கிட்டால் 0.5 வருகிறது. 120 பிக்சல் தள்ளியிருக்கும் அட்டையை, விரல் அசையாத நிலையில் விட்டால், அது இடத்தைத் தாண்டி ஏறத்தாழ 20 பிக்சல் மறுபக்கம் போகும். ஒரு பிக்சலுக்குள் அடங்க ஒரு நொடி ஆகும். வேடிக்கை பார்ப்பவருக்கு ஒரு நொடி ஒன்றுமில்லை. ஒரு நாளில் சில நூறு அட்டைகளைத் தள்ளுகிறவருக்கு அது நீளம்.

வீசிவிட்டால் நிலைமை வேறு. அக்கா செய்தது போல, 120 பிக்சலிலிருந்து இடத்தை நோக்கி நொடிக்கு 3000 பிக்சல் வேகத்தில் விட்டால், அட்டை மறுபக்கம் 113 பிக்சல் பாய்கிறது. கிட்டத்தட்ட இழுத்த தூரம் முழுவதும்! சிவப்புப் பட்டை தெரிந்தது அதனால்தான்.

இங்கே பலரும் செய்கிற ஒரு திருத்தத்தை நானும் செய்தேன். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்பது அதுதான். "அட்டை மெதுவாக அடங்குகிறது, விறைப்பைக் கூட்டினால் சீக்கிரம் அடங்கும்" என்று நினைத்து 100-ஐ 300 ஆக்கினேன். தணிப்பு 10-ஐத் தொடவில்லை. அட்டை முன்பைவிட வேகமாக ஓடியது. ஆனால் அடங்க எடுத்த நேரம் அப்படியே இருந்தது. கணக்கிட்டால் 0.97 நொடி. முன்பு ஒன்றரை ஆட்டத்துக்கும் குறைவாக ஆடி நின்றது, இப்போது அதே நேரத்துக்குள் இரண்டரை ஆட்டம் ஆடியது. தாண்டிப் போகும் தூரமும் 20-லிருந்து 47 பிக்சல் ஆனது.

காரணம் எளிது. ஆடுகிற ஸ்பிரிங்கில் ஆட்டம் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைத் தீர்மானிப்பது தணிப்பு மட்டும்தான். நிறை 1 என்றால் தணிப்பில் பாதி, அதாவது இங்கே 5. விறைப்பு அந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. விறைப்பைக் கூட்டும்போது, அதே ஒரு நொடிக்குள் இன்னும் சில ஆட்டங்களைத் திணிக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் தணிப்பை மட்டும் கூட்டலாமா? 100-க்கு 40 கொடுத்துப் பார்த்தேன். விகிதம் 2. ஆட்டம் போய்விட்டது. ஆனால் அட்டை தேனில் நடப்பது போல வந்தது. ஒரு பிக்சலுக்குள் வர 1.8 நொடி. கடைசி இருபது பிக்சலில் அது நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. எண்ணெய்த் திருகாணியை இறுக்கிய கதவு.

ஆக, இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் திருகினால் ஒரு குறை போய் இன்னொரு குறை வருகிறது. எந்தக் குறை என்பதைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். தாண்டிப் போய்ப் பலமுறை திரும்பினால் விறைப்புக்குத் தணிப்பு போதவில்லை. தாண்டவே இல்லை, ஆனால் கடைசியில் ஊர்கிறது என்றால் தணிப்பு அதிகம். தாண்டவும் இல்லை, ஊரவும் இல்லை, ஆனாலும் முழு அசைவும் சோம்பலாக இருக்கிறது என்றால், விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது அமைப்பு: 170, 26

இது react-spring நூலகத்தில் இயல்பாக இருக்கும் அமைப்பு. அங்கே விறைப்புக்கு `tension` என்றும் தணிப்புக்கு `friction` என்றும் பெயர். விகிதம் 0.997. அதாவது 1 என்றே வைத்துக்கொள்ளலாம். யாரோ கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

அசையாமல் விட்ட அட்டை தாண்டிப் போவதே இல்லை. 120 பிக்சலிலிருந்து 0.53 நொடியில் அடங்குகிறது. இதை மட்டும் பார்த்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேறெதுவும் செய்ய நேரமில்லை என்றால் இதையே போட்டுவிட்டுப் போகலாம், பெரிய தவறு நேராது.

ஆனால் "விகிதம் 1 என்றால் தாண்டாது" என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். அசையாமல் விட்டால் தாண்டாது. வேகத்தோடு விட்டால் தாண்டலாம். ஸ்பிரிங்கின் உள்வேகம் என்று ஒன்று உண்டு. அது விறைப்பின் வர்க்கமூலம், 170-க்கு ஏறத்தாழ 13. இதை விலகியிருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். 13 × 120 என்றால் 1560-ஐ ஒட்டி வரும். இடத்தை நோக்கி நொடிக்கு இவ்வளவு பிக்சலுக்கு மேல் வேகமாக வீசினால், விகிதம் 1 ஆக இருந்தாலும் அட்டை ஒருமுறை தாண்டித்தான் திரும்பும். அக்காவின் 3000-க்கு 14 பிக்சல் தாண்டியது. 113-ஐவிட எவ்வளவோ மேல், ஆனாலும் சிவப்பு ஒரு கோடாகத் தெரிந்தது.

இந்த அமைப்பில் எனக்குப் பிடிக்காதது இன்னொன்று. அரை நொடி. அட்டையை முழுத் தூரம் தள்ளும்போது அது கையைவிட்டுப் பின்தங்குவது போலிருந்தது. அக்கா அதைச் சொல்லவில்லை, ஆனால் அவர் கை இன்னும் காத்திருந்தது.

எண்களை விட்டுவிட்டு வேறு இரண்டைக் கேட்பது

இந்தக் கட்டத்தில்தான் விறைப்பு, தணிப்பு என்று யோசிப்பதையே நிறுத்தினேன். எனக்கு உண்மையில் வேண்டியவை வேறு இரண்டு. எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும்? எவ்வளவு ஆட வேண்டும்? முதலாவது ஒரு நேரம், இரண்டாவது விகிதம். இவற்றைக் கொடுத்தால் விறைப்பும் தணிப்பும் தாமாக வரும், `omega` என்பது மேலே சொன்ன உள்வேகம்:

```js
const omega = 2 * Math.PI / response;
const stiffness = omega * omega;
const damping = 2 * zeta * omega;
```

ஆப்பிளின் SwiftUI இப்படித்தான் கேட்கிறது, அங்கே பெயர்கள் `response`, `dampingFraction`. ஆண்ட்ராய்டின் `SpringForce` விறைப்பை நேராகக் கேட்டாலும் தணிப்பை விகிதமாகத்தான் வாங்குகிறது. `DAMPING_RATIO_LOW_BOUNCY` என்றால் 0.75, `DAMPING_RATIO_NO_BOUNCY` என்றால் 1. இப்படிப் பிரித்த பிறகு ஒன்றைத் திருகினால் மற்றது கெடுவதில்லை. நேரத்தைக் குறைத்தால் ஆட்டத்தின் தன்மை மாறாமல் எல்லாம் சீக்கிரம் நடக்கிறது.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. `response` என்பது அசைவு முடியும் நேரம் அல்ல. தணிப்பே இல்லாவிட்டால் ஸ்பிரிங் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் அது. 0.35 என்று கொடுத்தால் அட்டை சரியாக 0.35 நொடியில் நிற்கும் என்று அடுத்த அசைவை அதோடு கோர்த்துவிடாதீர்கள்.

0.35-ஐத்தான் எடுத்துக்கொண்டேன். 0.25-இல் அட்டை விரலிலிருந்து பிடுங்கப்பட்டது போலிருந்தது. 0.5-இல் மறுபடி காத்திருப்பு. 0.35 என்றால் உள்வேகம் ஏறத்தாழ 18, விறைப்பு 322. இனி விகிதம் மட்டும்தான் பாக்கி.

மூன்றாவதும் நான்காவதும்: 322-க்கு 36-ஆ, 29-ஆ?

விகிதம் 1 என்றால் தணிப்பு 36. விகிதம் 0.8 என்றால் 29. உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கமாகச் செய்யும் சோதனை இங்கே ஏமாற்றிவிடும்.

வழக்கமான சோதனை என்ன? அட்டையை இழுத்து, நிறுத்தி, விட்டுப் பார்ப்பது. அப்படி 120 பிக்சலிலிருந்து விட்டால், 36 உள்ள அட்டை 0.38 நொடியில் அடங்குகிறது. 29 உள்ள அட்டை 0.37 நொடியில் அடங்குகிறது, நடுவே 2 பிக்சலுக்கும் குறைவாகத் தாண்டுகிறது. டேப்லட்டில் அந்த 2 பிக்சலை யாராலும் பார்க்க முடியாது. இரண்டு டேப்லட்டை அருகருகே வைத்து ஒரு நண்பரிடம் காட்டினேன். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. எதை வைத்தாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்துவிடலாம்.

அதே இரண்டையும் வீசிப் பாருங்கள். 120 பிக்சலிலிருந்து இடத்தை நோக்கி 3000 வேகம். 36 உள்ளது ஒரு பிக்சலுக்குச் சற்று மேல் தாண்டுகிறது, அதாவது தாண்டவில்லை. 29 உள்ளது 15 பிக்சல் தாண்டுகிறது. அசையாமல் விடும்போது இரட்டைப் பிள்ளைகள் போலிருந்தவை, வேகம் வந்ததும் இரண்டு வேறு பொருள்களாகிவிடுகின்றன.

இதில் எது இயல்பு என்று கேட்டால், அட்டை எங்கே போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அட்டை பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்றால், அது ஒரு செயலைக் கைவிட்டதற்கு அடையாளம். "ஒன்றும் நடக்கவில்லை" என்பதைத்தான் அந்த அசைவு சொல்ல வேண்டும். அங்கே 15 பிக்சல் துள்ளல் வந்தால், ஏதோ நடந்தது போலாகிறது. அதுவும் நம் பலகையில் அந்தப் பக்கம்தான் சிவப்புப் பட்டை. ஆகவே திரும்புவதற்கு 36.

அட்டை புதிய இடத்துக்கு வீசப்பட்டது என்றால் கதை வேறு. நம் பலகையில் வரிசைகளுக்கு இடையே 360 பிக்சல். அக்கா அட்டையை 200 வரை கொண்டுபோய் 2500 வேகத்தில் விடுகிறார், மீதி 160. தணிப்பு 36 என்றால் அட்டை போய்ச் சேர்கிறது, ஒரு பிக்சல் கூடத் தாண்டவில்லை. மெதுவாக விட்டாலும் அப்படித்தான் நிற்கிறது, ஓங்கி விட்டாலும் அப்படித்தான் நிற்கிறது. கை கொடுத்த பலம் எங்கேயோ காணாமல் போய்விடுகிறது. பசை தடவிய சுவரில் ஒட்டியது போல ஓர் உணர்வு. 29 என்றால் அதே வீச்சுக்கு 6 பிக்சல் தாண்டி உட்காருகிறது. 4000 வேகத்தில் ஓங்கி வீசினால் 20 பிக்சல். மெதுவாக விட்டால் ஒன்றுமில்லை. கை கொடுத்ததற்கு ஏற்ற பதில் திரையில் வருகிறது. மேசைமேல் ஒரு பொட்டலத்தைத் தள்ளிவிட்டால் எவ்வளவு சறுக்கும் என்பது தள்ளிய கைக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் இங்கே வேண்டியது.

20 பிக்சல் என்பதையும் கண்மூடி ஏற்கவில்லை. வலப்பக்க வரிசைக்கும் திரை ஓரத்துக்கும் இடையே 24 பிக்சல் இடம் விட்டிருந்தேன். ஆகவே ஓங்கி வீசினாலும் அட்டை ஓரத்தில் வெட்டுப்படாது. உங்கள் திரையில் அந்த இடம் 12 தான் என்றால் விகிதத்தை 0.85, 0.9 என்று ஏற்றிக்கொள்ளுங்கள், விறைப்பைத் தொடாதீர்கள். கைப்பேசித் திரை போலக் குறுகலானவற்றில் நான் 0.9-இலிருந்துதான் தொடங்குவேன்.

எனவே என் முடிவு: விறைப்பு ஒன்றுதான், 322. தணிப்பு இரண்டு. விரலை எடுத்த கணத்தில் அட்டை எங்கே போகப் போகிறது என்பது தெரிந்துவிடும். திரும்பினால் 36, வீசி அனுப்பப்பட்டால் 29. தூரம் அதிகமானால் விறைப்பையும் மாற்ற வேண்டுமோ என்று ஒரு சந்தேகம் வரலாம். வேண்டாம். ஸ்பிரிங்கில் தூரம் கூடினால் இழுவையும் கூடுகிறது. 36 தணிப்பில் 120 பிக்சலுக்கு 0.38 நொடி என்றால் 360 பிக்சலுக்கும் 0.45 நொடிதான்.

எண்கள் சரியாக இருந்தும் அட்டை கெடும் இடங்கள்

மேலே சொன்ன எல்லாமே ஒன்றை நம்பி நிற்கிறது: விரலின் வேகம் ஸ்பிரிங்குக்குப் போய்ச் சேர்கிறது என்பதை. பல நேரம் அது போய்ச் சேர்வதில்லை. அப்போது 29-க்கும் 36-க்கும் வேறுபாடே தெரியாது.

அடையாளம் இதுதான். வீசிய அட்டை விரல் எடுத்த கணத்தில் ஒரு நொடிப்பொழுது பிரேக் போட்டது போல நின்று, பிறகு புதிதாகக் கிளம்பினால், ஆரம்ப வேகம் சுழியாகத்தான் போயிருக்கிறது. வேகத்தைக் கொடுக்கவே மறந்திருக்கலாம். அல்லது அலகு தவறியிருக்கலாம். சில நூலகங்கள் மில்லிநொடிக்கு இத்தனை பிக்சல் என்று தருகின்றன, சில நொடிக்கு இத்தனை பிக்சல் என்று கேட்கின்றன. 3 என்று வரும் வேகத்தை 3000 ஆக்காமல் கொடுத்தால் அது இல்லாததற்குச் சமம். எனக்கு நேர்ந்தது இந்த இரண்டாவதுதான். ஒரு நாள் முழுவதும் தணிப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். வேகத்தைத் திரையின் மூலையில் எழுதிக் காட்டிய பிறகுதான் 2.7, 3.1 என்று வருவதைக் கண்டேன்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. அட்டையை வேகமாக இழுத்து, ஒரு இடத்தில் நிறுத்தி யோசித்து, பிறகு விரலை எடுக்கிறார்கள். விரல் நின்றபோது `pointermove` நிகழ்வு எதுவும் வருவதில்லை. ஆகவே கடைசியாகக் கணக்கிட்ட வேகம் பழையபடியே நினைவில் இருக்கிறது. விரலை எடுத்ததும் அட்டை யாரும் வீசாமலே பாய்கிறது. விரல் எடுத்த கணத்துக்கு முந்தைய 80 மில்லிநொடிக்குள் வந்த நகர்வுகளை மட்டும் வைத்து வேகத்தைக் கணக்கிடுங்கள். அந்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை என்றால் வேகம் சுழி.

மூன்றாவது, கடையின் டேப்லட் நம் கணினி அல்ல. விலை குறைந்த கருவி, பின்னால் ரசீது அச்சிடும் வேலையும் நடக்கும், அவ்வப்போது திரை ஒரு கணம் உறையும். ஸ்பிரிங்கை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால், கடந்துபோன நேரம் முழுவதையும் ஒரே தாவலாகக் கணக்கிடாதீர்கள். 200 மில்லிநொடி உறைந்து எழுந்தால், 322 விறைப்பில் அந்த ஒரே தாவல் அட்டையைத் திரைக்கு வெளியே தூக்கி எறிந்துவிடும். சின்னச் சின்ன ஒரே அளவு அடிகளாக வையுங்கள். கீழே `k` விறைப்பு, `c` தணிப்பு, `x` இடம், `v` வேகம், `dt` கடந்துபோன நேரம், `acc` இன்னும் கணக்கிடாத நேரம்:

```js
const h = 0.004;
acc += Math.min(dt, 0.1);
while (acc >= h) {
  const a = -k * (x - target) - c * v;
  v += a * h;
  x += v * h;
  acc -= h;
}
```

வேகத்தை முதலில் மாற்றி, மாறிய வேகத்தால் இடத்தை மாற்றும் இந்த வரிசை முக்கியம். தலைகீழாக எழுதினால் ஒவ்வோர் அடியிலும் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் கூடுதல் சக்தி சேர்கிறது, கணக்கில் இல்லாத ஆட்டம் திரையில் வருகிறது. நிறுத்தும்போது தூரமும் வேகமும் இரண்டுமே சிறிதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் வைத்தது அரை பிக்சல், நொடிக்கு 10 பிக்சல். தூரத்தை மட்டும் பார்த்தால், தாண்டிப் போகும் வழியில் இடத்தைக் கடக்கும் கணத்திலேயே அட்டை நின்றுவிடும். 29-இன் துள்ளல் முழுவதும் போய்விடும்.

சோதிக்கும்போது கணினியில் சுட்டியால் வீசிப் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். கைப்பேசியின் மெதுவோட்டக் காணொளியில் உண்மையான விரல் உண்மையான டேப்லட்டில் தள்ளுவதைப் பிடித்து, ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பாருங்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 0.37 நொடி என்பது 22 சட்டங்கள். அட்டையின் ஓரம் எந்தச் சட்டத்தில் கோட்டைத் தாண்டுகிறது, எதில் திரும்புகிறது என்பதை எண்ணிவிடலாம். நான் எண்ணியபோது கணக்கும் காணொளியும் ஓரிரு சட்டத்துக்குள் ஒத்துப்போயின.

புதிய எண்களைப் போட்ட மறுநாள் காலை கடைக்குப் போனேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஓர் அட்டையை வீசினார், அது தயார் வரிசையில் போய் உட்காருவதற்குள் அவர் கை அடுத்த அட்டைமேல் இருந்தது. அதில் ஒரு புதிய சிக்கல் கிளம்பியது. ஒருமுறை அவர் வீசிய அட்டையையே, ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி தொட்டுப் பிடித்தார். அது அவர் விரலுக்கு அடியிலிருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத் தாவியது. தொடும்போது அட்டை எங்கே இருக்கிறது என்பதற்குப் பதிலாக, எங்கே போகிறது என்பதிலிருந்து இழுப்பைத் தொடங்கியிருந்தேன். `pointerdown` வந்ததும் ஸ்பிரிங்கை நிறுத்தி, அப்போதைய `x`-இலிருந்தே இழுப்பைத் தொடங்கும்படி ஒரு வரியை மாற்றினேன். அடுத்த தடவை அவர் ஓடும் அட்டையைப் பிடித்தபோது அது விரலோடு அங்கேயே நின்றது.